எண்ணுவது எதற்கு? பரிசோதனை, அசைவு, பச்சிளங்குழந்தை மூன்றுக்கும் ஓர் ஏடு

கொச்சியில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. ஃபோர்ட் கொச்சியின் சலவைத்துறையில் பல தலைமுறைகளைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். வாத்துருத்தியிலும் களமசேரித் தொழிற்பேட்டையைச் சுற்றியும் வேலை தேடி வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் வீட்டில் ஒரு பெண் கருவுற்றால் முதல் மாதங்களின் பரிசோதனை பெரும்பாலும் இங்கேயே நடக்கும், களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியிலோ, மட்டாஞ்சேரி மகளிர் குழந்தைகள் மருத்துவமனையிலோ, பக்கத்துத் தனியார் மருத்துவமனையிலோ. வளைகாப்பு முடிந்ததும் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம். குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனதும் மறுபடி கொச்சிக்குத் திரும்புவார்கள். ஓராண்டு காலத்தில் தாயும் சேயும் இரண்டு முறை மாநில எல்லையைக் கடக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மருத்துவர், செவிலியர், ஆஷா பணியாளர் என எல்லோரும் மாறிவிடுகிறார்கள். மாறாமல் கூடவே வருவது தாயின் கையில் உள்ள ஏடு மட்டும்தான்.

ஏட்டில் எதை எழுதுவது, எதை எண்ணுவது, எண்ணியபின் என்ன செய்வது என்பதே இந்த அத்தியாயம். இதன் அடிப்படை ஒன்றுதான்: குறிப்பெடுக்கும் கருவி எதுவானாலும், இன்று என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதில் எத்தனை கட்டங்களை நிரப்பினாலும் பயனில்லை. அட்டை, நாட்காட்டி, அசைவுக் கணக்கு, கைபேசிச் செயலி எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

தேதிகளை முதலில் நிலைநிறுத்துங்கள்

வீட்டில் மாதக் கணக்கு, மருத்துவமனையில் வாரக் கணக்கு. பல குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. ஏழாம் மாதம் என்றால் ஏழு முடிந்ததா, ஏழு பிறந்ததா என்பதில் வீட்டுக்குள்ளேயே நான்கு வார வேறுபாடு வரும். அதனால் முதல் வேலையாக வாரங்களைத் தேதிகளாக மாற்றி எழுதிவிட வேண்டும். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். களமசேரியில் கணவருடன் வாழும் ஒரு பெண், தாய்வீடு தேனி, முதல் கர்ப்பம். கடைசி மாதவிலக்கின் முதல் நாள் 2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. அதோடு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டினால் பிரசவத் தேதி அக்டோபர் 17. அதுவும் வெள்ளிக்கிழமைதான். ஆக அவருக்கு ஒவ்வொரு வெள்ளியன்றும் ஒரு வாரம் கூடுகிறது. 12 வாரம் ஏப்ரல் 4 அன்று முடிகிறது. 28 வாரம் ஜூலை 25. 34 வாரம் செப்டம்பர் 5. 36 வாரம் செப்டம்பர் 19.

குறைந்தது நான்கு பரிசோதனைகள் என்பது இந்தியாவின் அரசுத் திட்டம்: 12 வாரத்துக்குள் ஒன்று, 14 முதல் 26 வாரத்துக்குள் ஒன்று, 28 முதல் 34க்குள் ஒன்று, 36க்குப் பிறகு ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் எட்டு முறை பார்க்கச் சொல்கிறது. எத்தனை முறை வரவேண்டும் என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். ஆனால் மேலே சொன்ன நான்கு காலங்களும் வெறுமையாகப் போகக் கூடாது. அடுக்களைச் சுவரில் ஒரு நாளுக்கு ஒரு பெரிய கட்டம் உள்ள மாத நாட்காட்டி இருந்தால், அந்தத் தேதிகளை அதில் வட்டமிடுங்கள். மாதவிலக்கு ஒழுங்கற்று வருபவர்களுக்கு, முதல் மூன்று மாதங்களில் எடுத்த ஸ்கேனை வைத்து மருத்துவர் பிரசவத் தேதியை மாற்றக்கூடும். அப்படி மாற்றினால் பழைய தேதியை அடித்துவிட்டு எல்லாத் தேதிகளையும் புதிதாக எழுதுங்கள். இரண்டு தேதிகளையும் வைத்துக்கொண்டால், நாள் தள்ளிப்போகிறது என்ற பேச்சு வரும் கடைசி வாரத்தில் எதை நம்புவது என்று தெரியாமல் போகும்.

அட்டை ஏன் உங்கள் கையில் இருக்க வேண்டும்

அரசு மருத்துவமனையில் பதிந்ததும் தாய்சேய் நலப் பாதுகாப்பு அட்டையும் 12 இலக்க ஆர்சிஎச் எண்ணும் கிடைக்கும். தமிழ்நாட்டில் அரசு உதவித்தொகைக்கும் குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் இந்த எண்ணைக் கேட்பார்கள். ஆகவே எண்ணை அட்டையிலும் கைபேசியிலும் குறித்துவைத்து, தாய்வீட்டுக்குப் போன முதல் வாரமே அந்தப் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள். எண் இருந்தால் எல்லா விவரமும் கணினியில் வந்துவிடும் என்று நம்பி அட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரவு நேரத்துப் பிரசவ அறையில் யாரும் கணினியைத் திறந்து பழைய பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். கையில் நீட்டப்படும் தாளைத்தான் பார்ப்பார்கள்.

கர்ப்பிணி தன் மருத்துவக் குறிப்புகளைத் தானே வைத்திருக்க வேண்டும் என்பது 2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளுள் ஒன்று. அதற்கான ஆய்வுகளில், குறிப்புகளைத் தாமே வைத்திருந்த பெண்கள் தங்கள் கவனிப்பு தங்கள் கையில் இருப்பதாக உணர்ந்தார்கள். இதனால் மட்டுமே பிரசவத்தின் பலன் மாறியது என்று காட்ட அந்த ஆய்வுகளால் முடியவில்லை. இருந்தாலும் இடம் மாறும் பெண்ணுக்கு அட்டையின் மதிப்பு வேறு வகையில் தெரியும். நம் உதாரணப் பெண்ணின் ரத்த அழுத்தம் ஏப்ரலில் 110/70, ஜூலையில் 116/76, ஆகஸ்டில் 130/84 என்று வைத்துக்கொள்வோம். 140/90ஐத் தொட்டால்தான் உயர் ரத்த அழுத்தம் என்பார்கள். எனவே 130/84ஐ மட்டும் தனியாகப் பார்க்கும் தேனி மருத்துவர் அடுத்த மாதம் வரச் சொல்லலாம். மூன்று அளவுகளையும் வரிசையாகப் பார்ப்பவர் ஏற்றத்தைக் கவனிப்பார். ஒரு வாரத்தில் வரச் சொல்லலாம், சிறுநீரில் புரதம் உண்டா என்று பார்க்கலாம். தனி எண் சொல்லாத செய்தியை வரிசை சொல்கிறது. அந்த வரிசை எல்லை தாண்டி வர அட்டையைத் தவிர வேறு வழி இல்லை.

மொழி இங்கே இன்னொரு தடை. கொச்சியில் சில ஆண்டுகள் இருந்த தமிழ்ப் பெண்ணுக்கு மலையாளம் கேட்டால் புரியும். எழுத்தைப் படிப்பது வேறு. அட்டை முழுவதையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் செவிலியரிடமோ ஆஷா பணியாளரிடமோ கேட்டு, ஒரு நோட்டில் மூன்று வரிகளைத் தமிழில் எழுதிக்கொண்டால் போதும்: இன்று பார்த்த ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும், தனியாகக் கவனிக்கச் சொன்னது ஏதாவது உண்டா, அடுத்த முறை எந்தத் தேதியில் வர வேண்டும். எழுதிக்கொள்ளாமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

அசைவுக் கணக்கு: எண்ணிக்கையா, வழக்கமா?

கர்ப்பகாலக் கணக்குகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அசைவுக் கணக்கு. ஒரு நாளில் பத்து உதை வந்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. 1970களில் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உருவான முறையில், காலையில் தொடங்கி 12 மணி நேரத்துக்குள் பத்து அசைவுகளை எண்ண வேண்டும். அது எளிதாக இருந்ததால் உலகமெங்கும் பரவியது. அதற்கு உண்மையிலேயே பலன் உண்டா என்று 1989இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று பார்த்தது. அதில் சுமார் 68,000 பெண்கள் இடம்பெற்றார்கள். எல்லோரையும் அன்றாடம் எண்ணச் சொன்ன குழுவிலும் சொல்லாத குழுவிலும் வயிற்றிலேயே குழந்தை இறப்பது ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பிறகு பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 33 மருத்துவமனைகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, எண்ணிக்கையை விட்டுவிட்டு, அசைவு குறைந்தால் உடனே வரவேண்டும் என்ற விழிப்புணர்வையும் வந்தவர்களுக்கு ஒரே சீரான கவனிப்பையும் சோதித்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள். இறந்து பிறப்பது ஆயிரத்துக்கு 4.40 என்பதிலிருந்து 4.06 ஆனது, அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில் சிறியது. வலி வரவழைத்தலும் அறுவைப் பிரசவமும் அதிகரித்தன. உலக சுகாதார நிறுவனமும் எல்லாக் கர்ப்பிணிகளும் தினமும் எண்ணி அட்டையில் குறிப்பதைப் பொதுவான நடைமுறையாகப் பரிந்துரைக்கவில்லை.

அப்படியானால் அசைவைக் கவனிப்பதே வீண்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேற்கண்ட ஆய்வுகள் சோதித்தது, எல்லோருக்கும் ஒரே கணக்கையோ ஒரே திட்டத்தையோ கொடுப்பது மொத்த எண்ணிக்கையை மாற்றுகிறதா என்பதை. அசைவு குறைவது அபாயக் குறியல்ல என்று அவை சொல்லவில்லை. நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜனும் ஊட்டமும் குறையும்போது குழந்தை தன் சக்தியைச் சேமிக்க அசைவைக் குறைத்துக்கொள்கிறது. வயிற்றில் குழந்தையை இழந்த பெண்களில் கணிசமானவர்கள், அதற்கு முந்தைய நாட்களில் அசைவு குறைந்ததை உணர்ந்ததாகச் சொல்வதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்த ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கட்டத்தை நிரப்புவதால் மட்டும் காப்பு வராது என்பது. தன் குழந்தையின் வழக்கம் என்ன என்று தாய் அறிந்திருக்க வேண்டும். அது மாறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனால் அங்கே முறையாகப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று அறுந்தாலும் எண்ணியது வீண்.

வழக்கத்தை அறிவது எப்படி? அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் தெரியத் தொடங்கும். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் 28 வாரம் வரை மங்கலாகத் தெரியலாம். 28 வாரத்துக்குப் பிறகு, நம் உதாரணப் பெண்ணுக்கு ஜூலை 25க்குப் பிறகு, குழந்தை எப்போது துடிப்பாக இருக்கிறது என்று சில நாட்கள் கவனியுங்கள்; பலருக்கு அது மாலையாகவோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகாகவோ இருக்கும். அந்த நேரத்தில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, தொலைக்காட்சியும் கைபேசியும் இல்லாமல், முதல் அசைவின் நேரத்தையும் பத்தாவது அசைவின் நேரத்தையும் குறியுங்கள். உதைப்பது, புரளுவது, நெளிவது எல்லாம் அசைவுதான். சீரான இடைவெளியில் வரும் விக்கலைச் சேர்க்காதீர்கள். நடுவில் குழந்தை உறங்கலாம். அந்த உறக்கம் வழக்கமாக 20 முதல் 40 நிமிடம், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. ஒரு வாரம் குறித்தால், உங்கள் குழந்தைக்குப் பத்து அசைவு வர எவ்வளவு நேரம் என்பது தெரிந்துவிடும். அந்த நேரம்தான் உங்கள் அளவுகோல். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணக்கு உங்களுக்கு உதவாது.

இப்போது உதாரணம். நம் பெண் ஆகஸ்ட் கடைசியில் தேனிக்குப் போய்விட்டார். நோட்டில் நாள்தோறும் 20, 25, 30 நிமிடம் என்று எழுதியிருக்கிறது. செப்டம்பர் 5 அன்று, 34 வாரம் நிறைந்த இரவு, பத்து அசைவு வர 70 நிமிடம் ஆகிறது. அசைவுகளும் மெலிவாக இருக்கின்றன. இடதுபக்கம் படுத்து இரண்டு மணி நேரத்தில் பத்துக்குக் குறைவாக இருந்தால் உடனே போக வேண்டும் என்பது பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டல். நம் நாட்டிலும் பல மருத்துவர்கள் அதையே சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி இவர் தப்பிவிட்டார். ஆனால் தன் வழக்கத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் எடுத்திருக்கிறது. இவர் காலை வரை காத்திருக்கக் கூடாது; அன்றிரவே பிரசவ அறையை அழைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். அசைவே இல்லை என்றால் இரண்டு மணி நேரம் எண்ணிக்கொண்டிருப்பதும் தவறு. அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். தொலைபேசியில் சொல்ல வேண்டியது ஒரே வரி: "34 வாரம், முதல் குழந்தை, வழக்கமாகப் பத்து அசைவுக்கு 30 நிமிடம், இன்று 70 நிமிடம், மெதுவாகவும் இருக்கிறது, கடைசி ரத்த அழுத்தம் 130/84." இதே நிலை களமசேரியில் ஏற்பட்டிருந்தால், "குஞ்ஞின்றெ அனக்கம் குறவாணு" என்று தொடங்கினால் செவிலியருக்குச் சட்டென்று புரியும்.

மருத்துவமனையில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. 28 வாரத்துக்குப் பிறகு, வயிற்றில் பட்டை கட்டி, குறைந்தது 20 நிமிடம் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாளில் பதிவது வழக்கம். அசைவுக் குறைவு நீடித்தாலோ, வேறு அபாயம் இருந்தாலோ, வளர்ச்சியையும் பனிக்குட நீரையும் ஸ்கேனில் பார்ப்பார்கள். இவற்றைச் செய்தார்களா என்று பணிவாகக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. எல்லாம் சரியாக இருந்து வீடு திரும்பியபின் மறுநாளும் அசைவு குறைந்தால் மறுபடியும் போகத்தான் வேண்டும். முந்தைய நாளின் பரிசோதனை அன்றைய நிலையைத்தான் சொல்லும்.

பிரசவம் நெருங்கினால் குழந்தை அடங்கிவிடும், இடம் போதாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் சரியல்ல. அசைவு சுமார் 32 வாரம் வரை கூடி, பிறகு ஏறத்தாழ அதே அளவில் நிலைக்கிறது. உதைப்பதை விடப் புரளுவது அதிகமாகத் தோன்றலாம். மொத்தத்தில் குறையக் கூடாது. இனிப்போ குளிர்ந்த நீரோ குடித்துப் பார்த்துக் காத்திருப்பதும் நேரத்தை வீணாக்கும். வீட்டில் வாங்கி வைக்கும் துடிப்புக் கருவியும், ஒலியைக் கேட்கலாம் என்று சொல்லும் கைபேசிச் செயலியும் இன்னும் ஆபத்தானவை. தாயின் ரத்தக் குழாயின் ஒலியைக் குழந்தையின் துடிப்பு என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட வாய்ப்புண்டு. எண்ணச் சொன்னால் பெண்கள் பயந்துபோவார்கள் என்ற மறுப்பும் உண்டு. நாள் முழுவதும் எண்ணச் சொன்னால் பயம் வரும் என்பது உண்மை. ஒரு நேரம் கவனித்து, மற்ற நேரத்தில் அன்றாட வேலையைப் பார்த்து, மாறினால் யாரை அழைப்பது என்று தெரிந்திருந்தால் பயத்துக்கு இடம் குறைகிறது.

பிறந்த பிறகு: ஏட்டின் மறுபக்கம்

குழந்தை பிறந்ததும் அதே நோட்டின் மறுபக்கத்தைத் திறந்து, பிறந்த தேதி, நேரம், எடை மூன்றையும் எழுதுங்கள். பச்சிளங்குழந்தை பால் போதுமான அளவு குடிக்கிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. சிறுநீரை வைத்துச் சொல்லலாம். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் போக வேண்டும். இந்தக் கணக்கில் எண்ணே நேரடியாகப் பேசுகிறது, அதனால் முதல் இரண்டு வாரம் கோடு போட்டு எண்ணுவது பயன் தரும். முதல் நாட்களில் எடை சிறிது குறைவது இயல்பு. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடையை மீண்டும் எட்டாவிட்டாலோ காட்ட வேண்டும். பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு விடுவது, மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்வாங்குவது, உடல் சுடுவது அல்லது சில்லிடுவது, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாவது, வலிப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் எண்ணிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்ப்பது தேசியத் திட்டம். தமிழ்நாட்டின் பல இடங்களில் இந்த வேலையைக் கிராம சுகாதாரச் செவிலியர் பார்க்கிறார். யார் வருவார்கள் என்று பிரசவத்துக்கு முன்பே கேட்டுவையுங்கள். தடுப்பூசித் தேதிகளைப் பிறந்த கிழமையை வைத்தே எழுதிவிடலாம். அக்டோபர் 14, செவ்வாயன்று பிறந்த குழந்தைக்குப் பிறந்தவுடன் போடுபவை போக, 6 வாரம் நவம்பர் 25, 10 வாரம் டிசம்பர் 23, 14 வாரம் 2026 ஜனவரி 20, எல்லாம் செவ்வாய். ஜனவரிப் பொங்கலுக்குப் பிறகு களமசேரிக்குத் திரும்பும் குடும்பத்துக்கு 14 வார ஊசி பயண நாட்களிலேயே வந்து நிற்கிறது. தப்புவதற்கு மிகவும் வாய்ப்புள்ள ஊசி இதுதான். திரும்பி வந்த குழந்தையைப் பற்றி இங்குள்ள ஆஷா பணியாளருக்குத் தானாகத் தெரியாது. புறப்படும் முன்பே தேனியில் போட்டுக்கொள்வதா, வந்தபின் இங்கே போடுவதா என்று முடிவு செய்து, அட்டையை எடுத்துக்கொண்டு வந்து, இங்குள்ள சுகாதார மையத்தில் முதல் வாரமே பதியுங்கள்.

கைபேசிச் செயலி போதாதா?

நினைவூட்டுவதில் கைபேசி நல்ல துணை. பரிசோதனைத் தேதிக்கு முந்தின நாள் மணி அடிக்கட்டும். அட்டையின் ஒவ்வொரு பக்கமும் படமாக இருக்கட்டும், உங்கள் கைபேசியில் ஒன்று, அம்மாவின் கைபேசியில் ஒன்று. ஆனால் அட்டைக்கு மாற்றாக வைக்காதீர்கள். மின்னூட்டம் தீரலாம், கைபேசி கணவருடன் வேலைக்குப் போயிருக்கலாம், மருத்துவர் உங்கள் செயலியைத் திறந்து பார்க்க மாட்டார். எந்தச் செயலியை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். படித்தவுடன் புரியும் தமிழில் இருக்கிறதா? பத்து எண்ணிவிட்டால் எல்லாம் நலம் என்று சொல்கிறதா, அல்லது உங்கள் வழக்கத்திலிருந்து மாறினால் போகச் சொல்கிறதா? எங்கே போக வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று எழுத இடம் தருகிறதா? இரண்டாம் கேள்விக்கு எல்லாம் நலம் என்று பதில் தரும் செயலியை நீக்கிவிடுங்கள். அது பொய்யான ஆறுதலைத் தருகிறது.

இதை வாசித்ததும் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோட்டின் முதல் பக்கத்தில் பிரசவத் தேதி, 28 வாரம் முடியும் தேதி, ஆர்சிஎச் எண், ரத்த வகை ஆகியவற்றை எழுதுங்கள். அதன் கீழே களமசேரியில் ஒன்று, தாய்வீட்டில் ஒன்று என இரண்டு பிரசவ அறைகளின் தொலைபேசி எண்களையும், இரண்டு ஊரின் ஆஷா பணியாளர் அல்லது செவிலியரின் எண்களையும், இரு மாநிலங்களிலும் வேலை செய்யும் 108ஐயும் எழுதுங்கள். பிரசவ அறையின் எண் தெரியாவிட்டால் அடுத்த பரிசோதனையில் கேட்டு வாங்குங்கள். இரவு பத்து மணிக்கு யாராவது எடுப்பார்களா என்று ஒரு முறை அழைத்துச் சோதியுங்கள். எடுக்கவில்லை என்றால் வேறு எண்ணைக் கேளுங்கள், அல்லது நேராக எந்த மருத்துவமனைக்குப் போவது, எந்த வண்டியில் போவது என்பதை அந்தப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். எண்ணிய அசைவு பயனாவது இந்தப் பக்கம் நிறைந்திருக்கும்போதுதான்.